நான்கு தசமம் ஒத்துப்போனால் தொடர் சரியாகிவிடுமா?

"ln(1 + sin x) என்பதை x⁴ வரை விரிக்கச் சொல்லியிருந்தார்கள். எனக்கு x − x²/2 + x³/6 − x⁴/4 என்று வந்தது. புத்தகத்தின் பின்பக்க விடையில் கடைசி உறுப்பு −x⁴/12 என்று இருக்கிறது. சந்தேகம் தீர x = 0.1 போட்டுப் பார்த்தேன். கால்குலேட்டரில் 0.0951587, என் தொடரில் 0.0951417. நான்கு தசமம் ஒத்துப்போகிறதே, புத்தகத்தில்தான் அச்சுப்பிழையா?"

இல்லை, புத்தகம் சரி. உங்கள் x⁴ கெழுதான் தவறு. நீங்கள் செய்த சோதனை நல்ல சோதனைதான், ஆனால் அதன் விடையைப் பாதியிலேயே படிப்பதை நிறுத்திவிட்டீர்கள். நீங்களே எழுதியிருக்கும் அந்த இரண்டு எண்களுக்குள் பிழையும் இருக்கிறது, சரியான கெழுவும் ஏறக்குறைய இருக்கிறது. எப்படி என்று காட்டுகிறேன்.

முதலில் ஒரு சின்ன வேலை செய்யுங்கள். x⁴ உறுப்பையே அடித்துவிட்டு, x − x²/2 + x³/6 என்பதில் மட்டும் x = 0.1 போடுங்கள். 0.1 − 0.005 + 0.0001667 = 0.0951667. இதிலும் முதல் நான்கு தசமங்கள் 0.0951 தான்! அதாவது உங்கள் கடைசி உறுப்பு −x⁴/4 ஆக இருந்தாலும், −x⁴/12 ஆக இருந்தாலும், இல்லவே இல்லை என்றாலும், "நான்கு தசமம் ஒத்துப்போகிறது" என்ற தேர்வில் எல்லாமே தேறிவிடும். எந்த உறுப்பைப் பற்றிச் சந்தேகமோ அந்த உறுப்பை உங்கள் ஒப்பீடு தொடவே இல்லை.

காரணம் எளிது. x = 0.1 என்றால் x⁴ = 0.0001. அதன் கெழுவில் 1/6 அளவுக்குத் தவறு இருந்தால், விடையில் தெரியும் வித்தியாசம் 0.0000167 மட்டுமே. அது ஐந்தாம் தசமத்தில்தான் தலைகாட்டும். ஆகவே இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒத்துப்போகிறதா என்று பார்ப்பதற்கு முன்பே, "நான் சோதிக்கும் கெழு தவறாக இருந்தால் அது எந்தத் தசமத்தில் தெரியும்?" என்று கேட்டுக்கொள்ள வேண்டும். அந்த இடத்துக்கு முன்னால் உள்ள இலக்கங்கள் ஒத்துப்போவது முந்தைய உறுப்புகளின் புண்ணியம்.

சரி, இப்போது சரியான முறை. ஒத்துப்போகும் இலக்கங்களை எண்ணாதீர்கள், ஒத்துப்போகாமல் நிற்கும் மிச்சத்தைப் பாருங்கள். x⁴ கெழுவைச் சோதிக்க வேண்டுமானால், x³ வரை உள்ள கூட்டுத்தொகையைச் சார்பின் உண்மை மதிப்பிலிருந்து கழியுங்கள். அந்த மிச்சத்தை x⁴ ஆல் வகுங்கள். கிடைப்பதுதான் x⁴ இன் கெழுவாக இருக்க வேண்டிய எண், ஏறக்குறைய.

உங்கள் எண்களை வைத்தே பார்க்கலாம். மிச்சம் 0.0951587 − 0.0951667 = −0.0000080. இதை 0.0001 ஆல் வகுத்தால் −0.080. புத்தகம் சொல்வது −1/12, அதாவது −0.0833. நீங்கள் சொல்வது −0.25. இனி வழக்கே இல்லை.

"−0.080 எங்கே, −0.0833 எங்கே, இரண்டும் ஒன்றில்லையே" என்று நீங்கள் கேட்கலாம், கேட்கவும் வேண்டும். மிச்சத்தில் x⁴ உறுப்பு மட்டும் இல்லை, அதற்குப் பின்னால் x⁵, x⁶ என்று முழு வரிசையே இருக்கிறது. x⁴ ஆல் வகுத்த பிறகு அவை c₅x, c₆x² என்று ஒட்டிக்கொண்டு நிற்கும். இந்தச் சார்புக்கு x⁵ இன் கெழு 1/24. x = 0.1 இல் அது 0.0042 அளவுக்கு எண்ணை மேலே தூக்கிவிடுகிறது. −0.0833 உடன் 0.0042 ஐக் கூட்டினால் −0.0791 வரும். கூடுதல் இலக்கங்களோடு கணக்கிட்டால் ஈவு −0.07938 என்று வருகிறது, மீதி வித்தியாசம் x⁶ உறுப்பின் வேலை. ஆக, ஈவு கெழுவுக்குச் சமமாக இருக்க வேண்டும் என்பதில்லை. x ஐச் சுருக்கச் சுருக்க அது கெழுவை நோக்கி நகர வேண்டும், அவ்வளவுதான்.

நகர்கிறதா என்று பார்க்க இன்னும் இரண்டு புள்ளிகள் போதும். x = 0.2 இல் ஈவு −0.0758. x = 0.1 இல் −0.0794. x = 0.05 இல் −0.0813. ஒவ்வொரு தடவையும் −0.0833 க்கு இருக்கும் தூரம் ஏறக்குறைய பாதியாகக் குறைகிறது. அதையே பயன்படுத்தி ஒரு குறுக்கு வழியும் உண்டு: 0.1 இல் வந்த ஈவை இரட்டிப்பாக்கி, 0.2 இல் வந்த ஈவைக் கழியுங்கள். −0.1588 + 0.0758 = −0.0830. c₅x என்ற தொந்தரவு இரண்டிலும் ஒன்றுக்கு இரண்டு என்ற விகிதத்தில் இருப்பதால் இந்தக் கழித்தலில் அடிபட்டுப்போகிறது. இரண்டே புள்ளிகளில் −1/12 க்கு இவ்வளவு பக்கத்தில் வந்துவிடலாம்.

இந்த முறை எனக்குப் பிடிப்பதற்கு இன்னொரு காரணம், பிழை இருக்கிறது என்று சொல்வதோடு அது நிற்பதில்லை, பிழை எங்கிருந்து வந்தது என்பதையும் காட்டிக்கொடுக்கும். நீங்கள் எழுதிய −1/4 க்கும் இருக்க வேண்டிய −1/12 க்கும் வித்தியாசம் மிகச் சரியாக 1/6. அந்த 1/6 உங்கள் கணக்கில் எங்கே தொலைந்தது என்று தேடுங்கள். sin x = x − x³/6 + … என்பதை s என்று வைத்து, ln(1 + s) = s − s²/2 + s³/3 − s⁴/4 + … என்று எழுதியிருப்பீர்கள். s² ஐ விரிக்கும்போது x² என்று மட்டும் எழுதி நிறுத்தியிருப்பீர்கள் என்று ஊகிக்கிறேன். உண்மையில் s² = x² − x⁴/3 + …, ஏனென்றால் x உம் −x³/6 உம் பெருகும் குறுக்கு உறுப்பு இரண்டு தடவை வரும். அதை −1/2 ஆல் பெருக்கினால் +x⁴/6. இதோ தொலைந்த 1/6. இதை s⁴ இலிருந்து வரும் −x⁴/4 உடன் சேர்த்தால் −x⁴/12. x³ உறுப்பு தப்பித்ததற்குக் காரணம், அங்கே s இலிருந்து −1/6, s³ இலிருந்து +1/3 என்று இரண்டு பங்குகள்தான், குறுக்கு உறுப்புக்கு வேலையே இல்லை. சார்புக்குள் சார்பு வரும் விரிவுகளில் நான் பார்த்த பிழைகளில் பெரும்பாலானவை இந்த மாதிரி முதல் குறுக்கு உறுப்பு வரும் இடத்தில்தான் விழுகின்றன. அதனால் முதல் இரண்டு மூன்று உறுப்புகள் சரியாக இருப்பதைப் பார்த்து நிம்மதி அடைவதில் அர்த்தம் இல்லை.

வகுத்தல் வேண்டாம், எண்களைப் பார்த்தே சொல்ல வேண்டும் என்றால், x ஐப் பாதியாக்கிப் பாருங்கள். இங்கே மிச்சம் என்பது x⁴ உறுப்பையும் சேர்த்துக் கழித்த பிறகு நிற்பது. x⁴ வரை எல்லாக் கெழுக்களும் சரி என்றால் மிச்சம் x⁵ மாதிரி நடந்துகொள்ளும். x பாதியானால் மிச்சம் ஏறக்குறைய 32 இல் ஒரு பங்காகும். x⁴ கெழுவில் தவறு இருந்தால் மிச்சத்தில் x⁴ எஞ்சி நிற்கும், 16 இல் ஒரு பங்காகத்தான் குறையும். புத்தக விடைக்கு x = 0.2 இல் மிச்சம் 0.00001205, x = 0.1 இல் 0.000000396. விகிதம் 30.5. உங்கள் விடைக்கு 0.2 இல் 0.000279, 0.1 இல் 0.0000171. விகிதம் 16.3. 32 க்குப் பதில் 30.5 வருவது முன்னே சொன்ன அதே பின்வரிசை உறுப்புகளால். 16 க்கும் 32 க்கும் நடுவில் இவ்வளவு இடைவெளி இருப்பதால் குழப்பத்துக்கு இடமே இல்லை. சரியான கெழு என்ன என்று தெரியாதபோதும் இந்தச் சோதனை வேலை செய்யும் என்பது இதன் சிறப்பு. எந்த அடுக்கில் கோளாறு என்பதை மட்டும் அது சொல்லிவிடும்.

கால்குலேட்டர் இல்லாத தேர்வு அறையில் என்ன செய்வது? அங்கேதான் கைவசம் இருக்கும் தெரிந்த மதிப்புகள் உதவும். இந்தச் சார்புக்கு x = π/6 நல்ல புள்ளி. sin(π/6) = 1/2 என்பதால் மதிப்பு ln 1.5, அதாவது 0.405465. ln 2 = 0.6931, ln 3 = 1.0986 என்ற இரண்டும் நினைவில் இருந்தால் கழித்தே எடுத்துவிடலாம். π/6 = 0.5236 என்று வைத்து உறுப்புகளை ஒவ்வொன்றாகக் கூட்டிக்கொண்டே வாருங்கள். முதல் உறுப்போடு 0.5236. இரண்டாவதோடு 0.3865. மூன்றாவதோடு 0.4104. நான்காவதாகப் புத்தகத்தின் −x⁴/12 ஐச் சேர்த்தால் 0.4042. ஐந்தாவதான x⁵/24 ஐயும் சேர்த்தால் 0.4058. உண்மை மதிப்பான 0.4055 ஐ மாறி மாறி மேலும் கீழுமாகத் தாண்டி, ஒவ்வொரு தடவையும் நெருங்கி வருவது தெரிகிறதா? உங்கள் −x⁴/4 ஐப் போட்டால் நான்காவது கூட்டுத்தொகை 0.3917. மூன்று உறுப்புகளில் 0.005 ஆக இருந்த பிழை, நான்காவதைச் சேர்த்ததும் 0.0138 ஆகிவிட்டது. சேர்த்த பிறகு நிலைமை மோசமாகிறது என்றால் அந்த உறுப்பைச் சந்தேகிக்க வேண்டும்.

சந்தேகிக்க வேண்டும் என்றுதான் சொல்கிறேன், தீர்ப்பு எழுதச் சொல்லவில்லை. ஏனென்றால் புள்ளியை மோசமாகத் தேர்ந்தெடுத்தால் சரியான தொடரும் தவறு மாதிரித் தெரியும். இதே சார்பில் π/6 க்குப் பதில் π/2 ஐ எடுத்தீர்கள் என்று வையுங்கள். அதுவும் தெரிந்த மதிப்புதான், ln 2 = 0.6931. ஆனால் புத்தகத்தின் சரியான நான்கு உறுப்புகளும் அங்கே தருவது 0.4757! மூன்று உறுப்புகளோடு 0.983, நான்கோடு 0.476 என்று ஊசலாடுகிறது. பார்த்தவர் தொடரே தப்பு என்று கிழித்துப் போட்டுவிடுவார். விஷயம் என்னவென்றால், x = −π/2 இல் sin x = −1 ஆகி மடக்கைக்குள் பூச்சியம் வந்துவிடுகிறது, சார்பு அங்கே சரிந்து விழுகிறது. பூச்சியத்திலிருந்து அந்த இடத்துக்கு உள்ள தூரம் π/2, இந்தத் தொடர் குவியும் எல்லையும் அதுவே. வலப்பக்கம் x = π/2 இல் சார்பு எந்தக் கோளாறும் இல்லாமல் அமைதியாக இருக்கிறது, ஆனால் இடப்பக்கத்துக் கோளாறு வலப்பக்கத்தையும் கெடுக்கிறது. எல்லையில் உறுப்புகள் 2/n என்ற வேகத்தில்தான் சுருங்குகின்றன, நான்கு உறுப்புகளை வைத்து அங்கே எதையும் சொல்ல முடியாது. அதனால் சோதிக்கும் முன் சார்பு எங்கே உடைகிறது என்று ஒரு பார்வை பாருங்கள். அந்தத் தூரத்தில் மூன்றில் ஒரு பங்குக்குள் புள்ளியை வைத்துக்கொள்வது என் பழக்கம். π/6 அதற்குச் சரியாகப் பொருந்துகிறது.

பெரிய x தான் ஆபத்து, அப்படியானால் சின்னதாகவே எடுப்போம் என்று 0.001 ஐ எடுப்பவர்களும் உண்டு. அதிலும் ஒரு வினை இருக்கிறது. பத்துத் தசமம் காட்டும் கால்குலேட்டரில் x = 0.001 க்கு சார்பின் மதிப்பு 0.0009995002. x³ வரை கூட்டினாலும் 0.0009995002. கழித்தால் பூச்சியம். மிச்சம் என்று ஒன்று இருக்கிறது, ஆனால் அது பதினான்காம் தசமத்தில் இருக்கிறது, திரைக்கு வருவதில்லை. கால்குலேட்டரின் கடைசி இலக்கத்தில் இருக்கும் முழுமையாக்கல் பிழை சுமார் 0.00000000005 என்று கொண்டால், அதை x⁴ ஆல் வகுக்கும்போது அதுவும் பெருகும். x = 0.1 இல் ஈவில் 0.0000005 அளவுக்குத்தான் தொந்தரவு, கவலையில்லை. 0.01 இல் 0.005 அளவு, பரவாயில்லை என்று சொல்லலாம். 0.001 இல் 50! வருவது கெழு இல்லை, குப்பை. இந்த மாதிரி இரண்டு பக்கமும் இடிப்பதால்தான் 0.1, 0.2, 0.05 போன்ற நடுத்தர எண்கள் எப்போதும் கைகொடுக்கின்றன. இன்னும் உயர்ந்த அடுக்கைச் சோதிக்க வேண்டுமானால், எடுத்துக்காட்டாக x⁸ ஐ, x ஐச் சற்றுப் பெரிதாக 0.3, 0.4 என்று எடுக்க வேண்டியிருக்கும்.

கணினியில் செய்தாலும் இதே கதைதான், கொஞ்சம் தள்ளிப்போகும், அவ்வளவுதான். அங்கே இன்னொரு நுணுக்கம்: log(1 + sin(x)) என்று எழுதினால், சின்ன x க்கு 1 உடன் கூட்டும் அந்த ஒரு படியிலேயே பின்னிலக்கங்கள் உதிர்ந்துவிடும். x = 0.0001 இல் ஈவு ஏறக்குறைய 1 அளவுக்குத் தவறலாம். log1p என்ற சார்பு இதற்காகவே இருக்கிறது.

```python
from math import sin, log1p

c = [0, 1, -1/2, 1/6, -1/12]

for n in range(1, 6):
    for x in (0.2, 0.1, 0.05):
        s = sum(c[k] * x**k for k in range(n))
        print(n, x, (log1p(sin(x)) - s) / x**n)
```

ஒவ்வொரு n க்கும் மூன்று ஈவுகள் அச்சாகும். அவை c[n] ஐ நோக்கிப் போகின்றனவா என்று பார்த்துக்கொண்டே கீழே இறங்குங்கள். n = 5 க்கு நம்மிடம் கெழு இல்லை, ஆனால் அந்த வரியும் பயனுள்ளது: 0.0377, 0.0396, 0.0406 என்று வரும், 1/24 = 0.0417 ஐ நோக்கி அமைதியாகப் போகிறது. இப்போது பட்டியலில் −1/12 ஐ எடுத்துவிட்டு உங்கள் −1/4 ஐப் போட்டு ஓட்டிப் பாருங்கள். n = 5 வரிகள் 0.871, 1.706, 3.374 என்று மாறிவிடும். x பாதியாகும்போதெல்லாம் ஈவு இரட்டிப்பாகிறது. எங்கும் போய்ச் சேராமல் இப்படி இரட்டிப்பாகிக்கொண்டே போகும் ஈவைப் பார்த்தால், பிழை ஓர் அடுக்கு முன்னால் நடந்திருக்கிறது என்று பொருள். நான்கு நான்கு மடங்காகப் பெருகினால் இரண்டு அடுக்கு முன்னால். அதனால்தான் கீழ் அடுக்கிலிருந்து தொடங்கச் சொல்கிறேன். x² இல் தவறு இருக்கும்போது x⁴ ஐத் திருத்த உட்கார்ந்தால் வருகிற எண்கள் எதற்கும் உதவாது.

கோணத்தைப் பற்றி ஒரு சொந்தக் கதை. மாணவனாக இருந்தபோது இதே மாதிரி ஒரு விரிவைச் சோதிக்கப் போய், எனக்கு வந்த மதிப்பு தொடரின் மதிப்பில் ஐம்பதில் ஒரு பங்குகூட இல்லை. அரை மணி நேரம் விரிவைத் திரும்பத் திரும்பச் செய்தேன். ஒவ்வொரு தடவையும் அதே விரிவுதான் வந்தது. கடைசியில் பார்த்தால் கால்குலேட்டர் பாகையில் இருந்தது. ரேடியனில் இல்லாவிட்டால் sin 0.1 என்பது 0.001745 ஆகிவிடும், ln(1 + sin x) உம் 0.001744 தான். அன்றைக்கு ஈவை எடுத்துப் பார்த்திருந்தால் ஒரு நிமிடத்தில் பிடித்திருப்பேன், ஏனென்றால் x ஆல் வகுத்ததும் 0.01744 என்று வரும், 1 வர வேண்டிய இடத்தில். π/180 = 0.01745 என்ற எண்ணை ஒரு தடவை பார்த்துப் பழகியவர்கள் அதை மறக்க மாட்டார்கள். முதல் கெழுவே அந்த மாதிரி வந்தால் விரிவைத் தொடாதீர்கள், கால்குலேட்டரைத் திருத்துங்கள்.

குறிப் பிழைகளுக்கு, x = −0.1 ஐயும் போட்டுப் பாருங்கள். நேர் x இல் மட்டும் பார்க்கும்போது, ஓர் ஒற்றைப்படை உறுப்பின் பிழையும் ஓர் இரட்டைப்படை உறுப்பின் பிழையும் ஒன்றையொன்று மறைத்துக்கொள்ள வாய்ப்புண்டு. x² கெழு 0.1 கூடுதலாகவும் x³ கெழு 1 குறைவாகவும் இருந்தால், x = 0.1 இல் இரண்டும் சரியாக அடிபட்டுப்போகும், தொடர் அப்பழுக்கில்லாமல் தெரியும். −0.1 இல் அவை ஒன்றோடொன்று கூடி, குட்டு வெளிப்பட்டுவிடும்.

நம் சார்பில் எதிர் x ஐப் போடுவதால் இன்னொரு லாபமும் இருக்கிறது, இதை நான் ரசித்துச் செய்வேன். f(x) உம் f(−x) உம் கூடினால் ln(1 + sin x) + ln(1 − sin x) = ln(cos² x) = 2 ln(cos x). கூட்டும்போது ஒற்றைப்படை உறுப்புகள் எல்லாம் மறைந்துவிடும். அதாவது உங்கள் தொடரில் உள்ள இரட்டைப்படை உறுப்புகள் மட்டும் சேர்ந்து ln(cos x) இன் தொடராக இருக்க வேண்டும். அதன் தொடர் −x²/2 − x⁴/12 − x⁶/45 − …, பல பேருக்கு மனப்பாடம். தெரியாவிட்டாலும் பரவாயில்லை, cos x = 1 − u என்று வைத்தால் u = x²/2 − x⁴/24, ln(1 − u) = −u − u²/2, x⁴ கெழு 1/24 − 1/8 = −1/12. இரண்டு வரிக் கணக்கு. ஓர் எண்ணும் போடாமலே உங்கள் −1/4 இங்கே மாட்டிக்கொள்கிறது. எண் சோதனை ஐயத்தைக் கிளப்பும், இந்த மாதிரி அமைப்புச் சோதனை அதை முடித்துவைக்கும். இரண்டும் கைக்கு எட்டும் இடத்தில் இருக்கும்போது நான் இரண்டையும் செய்துவிடுவேன்.

எண் சோதனையால் முடியாதது ஒன்று உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன். நான்கு கெழுக்களைச் சரிபார்த்தால் அந்த நான்கும் சரி என்றுதான் தெரியும். பொது உறுப்பு என்று ஒரு வாய்பாட்டை நீங்கள் ஊகித்து எழுதியிருந்தால், முதல் சில உறுப்புகள் பொருந்துவது அதற்குச் சான்று ஆகாது. இதே தொடரில் முதல் மூன்று கெழுக்கள் 1, −1/2, 1/6. பார்த்ததும் யாருக்கும் தோன்றும்: இது 1/n!, குறி மாறி மாறி வருகிறது, அடுத்தது −1/24. ஆனால் அடுத்தது −1/12, ஊகித்ததைப் போல இரண்டு மடங்கு. அதற்கடுத்தது 1/24, பிறகு −1/45. வகைக்கெழு எடுத்தால் sec x − tan x வருகிறது, அதன் கெழுக்கள்தான் இங்கே n ஆல் வகுபட்டு வந்திருக்கின்றன. 1/n! என்ற ஊகம் உண்மையாக இருந்தால் தொடர் 1 − e⁻ˣ ஆகியிருக்கும். x = 0.1 இல் அதன் மதிப்பு 0.0951626. மறுபடியும் 0.0951 தான்!

ஆக, உங்கள் நான்கு தசமத் தேர்வில் வேறொரு சார்பே தேறிவிடுகிறது. மிச்சத்தை x⁴ ஆல் வகுத்துப் பார்த்தால் 1 − e⁻ˣ க்கு வருவது −0.041, நம் சார்புக்கு −0.079. உங்கள் விடைத்தாளில் −x⁴/4 ஐ அடித்து −x⁴/12 என்று திருத்திவிட்டு, s² விரித்த வரியில் அந்த −x⁴/3 ஐயும் சேர்த்து எழுதுங்கள்.